கூரை மின்சாரம்: யூனிட் கழிகிறது, ரூபாய் ஏன் கழியவில்லை?

வீட்டுக் கூரையில் சூரிய மின் தகடு பொருத்திய விவசாயிகள் பலர், முதல் இரண்டு மூன்று மின் கட்டணச் சீட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு குழம்புகிறார்கள். இன்வெர்ட்டர் பெட்டியில் 480 யூனிட் உற்பத்தி என்று காட்டுகிறது. ஆனால் சீட்டில் 330 யூனிட் மட்டுமே வாரியத்துக்குக் கொடுத்ததாக இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் அதைவிடப் பெரிய தகடு போட்டிருக்கிறார்; அவருக்கு 120 யூனிட் வரவு மிஞ்சி அடுத்த சீட்டுக்குப் போகிறது. ஆனால் அந்த 120 யூனிட்டும் கழிந்த சீட்டில் அவருக்கு மிச்சமானது 47 ரூபாய்தான். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. கணக்குப் போடும் முறை அப்படி அமைந்திருக்கிறது. அந்த முறையைத் தகடு வாங்குவதற்கு முன்பே தெரிந்துகொண்டால், தேவைக்கு மேல் பணம் போடாமல் தப்பலாம்.

இங்கு சொல்லப்படுவது தமிழ்நாட்டில் வீட்டு மின் இணைப்புக்கு உள்ள நெட் மீட்டர் முறை பற்றியது. 2019-ஆம் ஆண்டின் சூரிய மின் கொள்கையை ஒட்டி, கொடுத்த மின்சாரத்தையும் வாங்கிய மின்சாரத்தையும் தனித்தனி விலையில் மதிக்கும் முறை வந்தது. பிறகு 2021-ஆம் ஆண்டில் மின்சார ஒழுங்குமுறை ஆணையம் கொண்டுவந்த விதிகளில், வீட்டு இணைப்புகளுக்கு யூனிட்டுக்கு யூனிட் கழிக்கும் நெட் மீட்டர் முறை மீண்டும் கிடைத்தது.

மீட்டர் எதை எண்ணுகிறது?

நெட் மீட்டர் என்பது இரு பக்கமும் எண்ணும் மீட்டர். அதில் இரண்டு எண்கள் தனித்தனியே ஏறிக்கொண்டிருக்கும். கம்பத்திலிருந்து வீட்டுக்குள் வரும் மின்சாரம் ஓர் எண், இது இறக்குமதி. வீட்டிலிருந்து கம்பத்துக்குப் போகும் மின்சாரம் மற்றோர் எண், இது ஏற்றுமதி. திரையில் இவை பெரும்பாலும் Imp, Exp என்று வரும். சில மீட்டர்களில் அம்புக்குறியால் காட்டப்படும். மீட்டர் பொருத்த வருபவரிடம் எந்த எண் எது என்று கேட்டு, மீட்டர் பெட்டியின் மேலேயே எழுதி ஒட்டிவைப்பது நல்லது.

தகட்டில் உண்டாகும் மின்சாரம் முதலில் வீட்டுக்குள் ஓடிக்கொண்டிருக்கும் மின்விசிறி, குளிர்பெட்டி, மோட்டார் ஆகியவற்றுக்குப் போகிறது. அது போக மிஞ்சுவதுதான் மீட்டரைத் தாண்டிக் கம்பத்துக்குப் போகிறது. வீட்டிலேயே செலவான பகுதி மீட்டர் வழியாகப் போவதே இல்லை. ஆகையால் அது ஏற்றுமதி எண்ணிலும் ஏறாது, இறக்குமதி எண்ணிலும் ஏறாது. இன்வெர்ட்டர் காட்டும் 480 யூனிட்டில் 150 யூனிட் பகலிலேயே வீட்டில் செலவாகியிருந்தால், ஏற்றுமதி 330 என்றுதான் வரும். அந்த 150 யூனிட் காணாமல் போகவில்லை. வாங்க வேண்டியிருந்த 150 யூனிட்டை வாங்காமல் விட்டதில் அது ஏற்கெனவே லாபமாகிவிட்டது.

கம்பத்துக்குப் போன மின்சாரத்தை வாரியம் எங்கும் சேமித்து வைப்பதில்லை. அந்த நிமிடமே அது அடுத்த வீட்டு மின்விசிறியைச் சுற்றுகிறது. மிச்சமிருப்பது கணக்கில் எழுதிய எண் மட்டுமே. பக்கத்து வீட்டுக்குக் கைமாற்றாகக் கொடுத்த நெல்லைப் போன்றது இது. கொடுத்த அதே நெல் திரும்பி வருவதில்லை. கொடுத்த அளவு திரும்பி வருகிறது.

கணக்குப் போடும் வரிசை

சீட்டில் நடக்கும் கணக்கு இரண்டு படிகள் கொண்டது. முதல் படியில் யூனிட் கழிகிறது. இறக்குமதி யூனிட்டிலிருந்து ஏற்றுமதி யூனிட்டையும், முந்தைய சீட்டிலிருந்து வந்த வரவு யூனிட்டையும் கழிக்கிறார்கள். மிஞ்சுவது நிகர யூனிட். இரண்டாம் படியில்தான் அந்த நிகர யூனிட்டுக்கு ரூபாய் கணக்குப் போடப்படுகிறது. இலவச யூனிட், மானிய விலை, படிப்படியாக ஏறும் கட்டணம் ஆகிய எல்லாமே நிகர யூனிட்டைப் பார்த்தே தீர்மானிக்கப்படுகின்றன. நிகர யூனிட் பூஜ்யத்துக்குக் கீழே போனால் மின்சாரத்துக்குக் கட்டணம் இல்லை; மிஞ்சிய யூனிட் அடுத்த சீட்டுக்கு வரவாகப் போகும்.

இந்த வரிசையில்தான் விஷயம் இருக்கிறது. யூனிட் எல்லாம் ஒரே மாதிரி கழிகின்றன. ஆனால் யூனிட்டின் விலை ஒரே மாதிரி இல்லை.

கணக்குக்காக, 2024-ஆம் ஆண்டு ஜூலை மாதம் முதல் வீட்டு இணைப்புக்கு நடைமுறைக்கு வந்த விகிதத்தை எடுத்துக்கொள்வோம். இது இரண்டு மாதத்துக்கான கணக்கு. மொத்தம் 500 யூனிட் வரை உள்ள வீடுகளுக்கு முதல் 100 யூனிட் இலவசம். 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு ரூ.2.35. 201 முதல் 400 வரை ரூ.4.70. 401 முதல் 500 வரை ரூ.6.30.

மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டிய வீடுகளுக்கும் முதல் 100 இலவசம் உண்டு. ஆனால் ரூ.2.35 என்ற மானிய விலை போய்விடும். 101 முதல் 400 வரை எல்லாமே ரூ.4.70. பிறகு 401 முதல் 500 வரை ரூ.6.30, 501 முதல் 600 வரை ரூ.8.40, 601 முதல் 800 வரை ரூ.9.45 என்று ஏறிக்கொண்டே போகும். விகிதம் மாறும்போது கீழே வரும் ரூபாய்த் தொகைகள் மாறும். கணக்கின் போக்கு மாறாது.

ஒரு வீட்டுக் கணக்கு

ஒரு சிறு விவசாயியின் வீட்டை எடுத்துக்கொள்வோம். குளிர்பெட்டி, நாலைந்து மின்விசிறிகள், வீட்டுத் தண்ணீருக்கு ஒரு சிறு மோட்டார், கிரைண்டர், ஓர் அறையில் ஏ.சி. எல்லாம் சேர்ந்து இரண்டு மாதத்துக்கு 600 யூனிட் செலவாகிறது. தகடு எதுவும் இல்லாதபோது கட்டணம் இப்படி வரும்: முதல் 100 இலவசம், அடுத்த 300 யூனிட்டுக்கு ரூ.1,410, அடுத்த 100-க்கு ரூ.630, கடைசி 100-க்கு ரூ.840. ஆக மொத்தம் ரூ.2,880.

ஒரு கிலோவாட் தகடு நல்ல வெயிலில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 யூனிட் கொடுக்கும். மழை மூட்டத்தில் குறையும், தூசி படிந்தாலும் குறையும். சராசரியாக 4 என்று வைத்துக்கொண்டால், 60 நாளுக்கு ஒரு கிலோவாட்டுக்கு 240 யூனிட்.

இந்த வீட்டில் 1 கிலோவாட் போட்டால் நிகர யூனிட் 600-லிருந்து 360 ஆகக் குறையும். 500-க்குக் கீழே வந்துவிட்டதால் மானிய விலையும் திரும்பக் கிடைக்கிறது. கட்டணம் ரூ.235-ம் ரூ.752-ம் சேர்ந்து ரூ.987. மிச்சம் ரூ.1,893.

2 கிலோவாட் போட்டால் நிகர யூனிட் 120. இதில் 100 இலவசம். மீதி 20 யூனிட்டுக்கு ரூ.47. இரண்டாவது கிலோவாட்டால் கூடுதலாக மிச்சமானது ரூ.940.

3 கிலோவாட் போட்டால் உற்பத்தி 720 யூனிட். வீட்டுச் செலவு 600 போக 120 யூனிட் வரவாக மிஞ்சுகிறது. கட்டணம் பூஜ்யம். மூன்றாவது கிலோவாட்டால் இந்தச் சீட்டில் கூடுதலாக மிச்சமானது வெறும் ரூ.47.

மூன்று கிலோவாட்டும் ஒரே கூரையில் ஒரே வெயிலில் காய்கின்றன. ஒவ்வொன்றும் 240 யூனிட் தருகிறது. ஆனால் முதலாவது ரூ.1,893-ம், இரண்டாவது ரூ.940-ம், மூன்றாவது ரூ.47-ம் சம்பாதிக்கின்றன.

காரணம் எளியது. கழித்தல் மேலிருந்து கீழே இறங்குகிறது. முதலில் கழியும் யூனிட்டுகள் ரூ.8.40-க்கும் ரூ.6.30-க்கும் வாங்க வேண்டியிருந்தவை. அவற்றோடு இழந்த மானியமும் திரும்புகிறது. அடுத்துக் கழிபவை ரூ.4.70-க்கும் ரூ.2.35-க்கும் உரியவை. கடைசியில் கழிபவை அந்த 100 இலவச யூனிட்டுகள். எப்படியும் காசு கொடுக்கத் தேவையில்லாத யூனிட்டை, காசு போட்டு உண்டாக்கிய யூனிட்டால் கழிக்கிறோம். ரேஷன் கடையில் இலவச அரிசி வாங்கும் குடும்பம், தன் வயலில் விளைந்த அரிசியைக் கொடுத்து அந்த இலவசப் பங்கைக் கழித்துக்கொண்டது போன்றது இது.

இதனால்தான் "பில்லைப் பூஜ்யமாக்கிவிடலாம்" என்று சொல்லித் தகடு விற்பவரின் கணக்கு, விவசாயியின் கணக்காக இருப்பதில்லை. பூஜ்யம் என்பது ரூபாயில் பூஜ்யமாக இருந்தால் போதும். யூனிட்டில் பூஜ்யமாக வேண்டியதில்லை. நிகர யூனிட் 100-க்கு வந்து நின்றாலே மின்சாரக் கட்டணம் பூஜ்யமாகிவிடும்.

வரவு யூனிட்டின் மதிப்பு

மூன்று கிலோவாட் வீட்டில் மிஞ்சிய 120 யூனிட் வரவு வீணாகவில்லையே, அடுத்த சீட்டில் கழியுமே என்று கேட்கலாம். கழியும். ஆனால் எங்கே கழிகிறது என்பதைப் பொறுத்தே அதன் மதிப்பு.

அடுத்த இரண்டு மாதம் கோடை என்று வைத்துக்கொள்வோம். வீட்டுச் செலவு 840 யூனிட்டாக ஏறுகிறது. உற்பத்தி 720. நிகர யூனிட் 120. வரவு இல்லாதிருந்தால் கட்டணம் ரூ.47. வரவு 120-ஐயும் கழித்தால் நிகரம் பூஜ்யம், கட்டணமும் பூஜ்யம். 120 யூனிட் வரவு முழுவதும் தீர்ந்தது. கிடைத்த லாபம் ரூ.47. உண்மையில் 20 யூனிட் வரவு மட்டும் கழிந்திருந்தாலே அந்த 47 ரூபாயும் மிச்சமாகியிருக்கும். மீதி 100 யூனிட் அடுத்த சீட்டுக்கு இருந்திருக்கும். ஆனால் இலவச யூனிட்டை விட்டுவிட்டு மற்றதை மட்டும் கழி என்று கேட்க நுகர்வோருக்கு வழியில்லை. கணக்கு தானாகவே முழுவதையும் கழித்துவிடும்.

அதே கோடையில் செலவு 1,000 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். உற்பத்தி 720 போக நிகரம் 280. வரவு இல்லாவிட்டால் கட்டணம் ரூ.611. வரவு 120 கழிந்தால் நிகரம் 160, கட்டணம் ரூ.141. இப்போது அதே 120 யூனிட் வரவு ரூ.470 மிச்சப்படுத்துகிறது. முன்பு ரூ.47, இப்போது ரூ.470. வரவு ஒன்றே, அது விழுந்த இடம்தான் வேறு.

ஆக, ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஒரே அளவு செலவு செய்யும் வீட்டுக்கு வரவு யூனிட் சேர்ந்துகொண்டே போகுமே தவிரப் பயன்படாது. கோடையில் மட்டும் செலவு பல மடங்கு ஏறும் வீட்டுக்கு அது பயன்படும். கணக்கு ஆண்டு முடிகிற நாள் ஒன்று உண்டு. அது வாரியத்துடன் கையெழுத்திட்ட நெட் மீட்டர் ஒப்பந்தத்தில் இருக்கும். பழைய வரவு அந்த நாளைத் தாண்டி அப்படியே தொடராது. தகடு பொருத்தும் முன்பே அந்தப் பத்தியைப் படித்து, நாளையும் மிஞ்சிய யூனிட்டுக்கு என்ன செய்யப்படும் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

எத்தனை கிலோவாட் போதும்?

கடந்த ஓராண்டின் ஆறு சீட்டுகளை எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு சீட்டிலும் உள்ள யூனிட்டிலிருந்து 100-ஐக் கழிக்க வேண்டும். சீட்டில் 100-க்குக் குறைவாக இருந்தால் அதைப் பூஜ்யமாக வைத்துக்கொள்ளலாம். ஆறையும் கூட்டினால் வருவதே காசு கொடுத்து வாங்கும் யூனிட். ஒரு கிலோவாட் ஆண்டுக்குத் தருவது 240-ஐ ஆறால் பெருக்கினால் 1,440 யூனிட். கூட்டிய தொகையை 1,440 ஆல் வகுத்தால் வேண்டிய கிலோவாட் கிடைக்கும்.

மேலே சொன்ன வீட்டில் ஒவ்வொரு சீட்டும் 600 என்றால், 500-ஐ ஆறால் பெருக்க 3,000 யூனிட். அதை 1,440 ஆல் வகுத்தால் 2-க்குச் சற்று மேல். ஆகவே 2 கிலோவாட் போதும். 2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய வீட்டுக் கூரைத் திட்டத்தில் 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாய் மானியமும், 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியமும் அறிவிக்கப்பட்டன. மூன்றாவது கிலோவாட்டுக்கு மானியம் 18,000 ரூபாய்தான். மீதியைச் சொந்தக் கையிலிருந்துதான் போட வேண்டும். இரண்டு மாதத்துக்கு 47 ரூபாய் சம்பாதிக்கும் கிலோவாட்டுக்கு அந்தப் பணத்தைப் போடலாமா என்பதை அவரவர் முடிவு செய்துகொள்ளலாம். வீட்டில் புதிதாக ஏ.சி. வாங்கப் போகிறார்கள், மின்சார ஸ்கூட்டர் வரப்போகிறது என்றால் அந்தச் செலவையும் கூட்டிக்கொண்டு கணக்குப் போடுவது சரி.

இரண்டு மாதத்துக்கு 100 யூனிட்டுக்குள் செலவாகும் வீட்டுக்கு இந்த முறையில் மிச்சமாவதற்கு எதுவும் இல்லை.

வயல் மோட்டாரை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அது தனி இணைப்பு. விவசாய இணைப்புக்கு மின்சாரம் இலவசம். வீட்டுக் கூரையில் மிஞ்சும் யூனிட்டை அந்த இணைப்பில் கழிக்க இடமில்லை; கழிப்பதால் லாபமும் இல்லை.

பகலில் மோட்டார் போட்டால் லாபமா?

வீட்டு மோட்டாரையும் கிரைண்டரையும் பகலில் ஓட்டினால் பில் குறையும் என்று பலரும் சொல்கிறார்கள். நெட் மீட்டர் வீட்டில் இது சரியல்ல. பகலில் ஓட்டினால் 2 யூனிட் ஏற்றுமதி குறையும். இரவில் ஓட்டினால் 2 யூனிட் இறக்குமதி கூடும். கழித்துப் பார்த்தால் நிகரம் ஒன்றுதான். மொத்தச் செலவிலிருந்து மொத்த உற்பத்தியைக் கழித்தால் வருவதே நிகரம். எந்த நேரத்தில் செலவானது என்பதால் அது மாறாது.

கடை, சிறு தொழிற்கூடம் போன்ற வணிக இணைப்புகளுக்கு இது பொருந்தாது. அவற்றுக்கு யூனிட்டுக்கு யூனிட் கழிக்காமல் ரூபாய்க்கு ரூபாய் கழிக்கும் முறை உண்டு. வாங்கிய யூனிட்டுக்குச் சில்லறை விலை போடுவார்கள். கொடுத்த யூனிட்டுக்கு அதைவிடக் குறைந்த விலை போடுவார்கள். பிறகு இரண்டு தொகைகளையும் கழிப்பார்கள். அங்கே பகலில் செலவான ஒவ்வொரு யூனிட்டும் முழு விலை மிச்சம். கம்பத்துக்குப் போன யூனிட்டுக்குக் குறைந்த விலைதான். ஊரில் அரிசி ஆலையோ எண்ணெய்ச் செக்கோ வைத்திருப்பவர் "பகலில் ஓட்டு" என்று சொல்வது அவருடைய இணைப்புக்குச் சரி. அதை வீட்டு இணைப்புக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது.

பிழையைக் கண்டுபிடிப்பது எப்படி?

மாதம் ஒரு நாள், ஒரே நேரத்தில், மூன்று எண்களைக் குறித்துவைத்தால் போதும். இன்வெர்ட்டரில் மொத்த உற்பத்தி, மீட்டரில் இறக்குமதி, மீட்டரில் ஏற்றுமதி. முந்தைய மாத எண்ணைக் கழித்தால் அந்த மாதக் கணக்கு கிடைக்கும். பிறகு உற்பத்தியோடு இறக்குமதியைக் கூட்டி, ஏற்றுமதியைக் கழிக்க வேண்டும். வருவது வீட்டின் உண்மையான செலவு. தகடு போடுவதற்கு முன் வந்த செலவோடு அது ஏறத்தாழ ஒத்துப்போக வேண்டும்.

மேலே சொன்ன 2 கிலோவாட் வீட்டில் இரண்டு மாத உற்பத்தி 480, இறக்குமதி 450, ஏற்றுமதி 330. 480-ஐயும் 450-ஐயும் கூட்டி 330-ஐக் கழித்தால் 600. பழைய செலவும் 600. கணக்கு சரி.

இதே வீட்டில் சீட்டு இறக்குமதி 780, ஏற்றுமதி பூஜ்யம் என்று காட்டினால் என்ன பொருள்? 480-ஐயும் 780-ஐயும் கூட்டினால் 1,260. வீட்டுச் செலவு திடீரென்று இரண்டு மடங்குக்கு மேல் ஆகியிருக்க முடியாது. 450-ஐயும் 330-ஐயும் கூட்டினால் 780 வருவதைக் கவனிக்க வேண்டும். கம்பத்துக்குப் போன மின்சாரத்தையும் உள்ளே வந்ததாக மீட்டர் எண்ணியிருக்கிறது. சாதாரண ஒருவழி மின்னணு மீட்டர்களில் பல இப்படித்தான் எண்ணும். மின்சாரம் எந்தப் பக்கம் போனாலும் முன்னோக்கியே ஏறும். 780 யூனிட்டுக்குக் கட்டணம் ரூ.4,581. தகடு இல்லாதபோது கட்டிய ரூ.2,880-ஐவிட இது அதிகம். ஆகவே நெட் மீட்டர் பொருத்தி முடியும் வரை இன்வெர்ட்டரை ஓடவிடக் கூடாது. "மீட்டர் பிறகு வரும், இப்போதே போட்டுவிடலாம்" என்று பொருத்த வந்தவர் சொன்னாலும் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

மீட்டர் சரியாக எண்ணுகிறதா என்று பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. வெயில் நன்றாக அடிக்கும் உச்சிவேளையில் வீட்டிலுள்ள மோட்டார், ஏ.சி., குளிர்பெட்டி எல்லாவற்றையும் அணைத்துவிட வேண்டும். இன்வெர்ட்டர் மட்டும் ஓட வேண்டும். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் ஏற்றுமதி எண் ஏறியிருக்க வேண்டும். இறக்குமதி எண் அசையக் கூடாது. இறக்குமதி ஏறினால் மீட்டரிலோ இணைப்பிலோ பிழை. உடனே பிரிவு அலுவலகத்தில் எழுத்து மூலம் புகார் கொடுத்து, ஒப்புகை பெற்றுக்கொள்ள வேண்டும். சோதனையின் தொடக்கத்திலும் முடிவிலும் மீட்டர் திரையைப் படம் எடுத்துவைத்தால் புகாருக்குத் துணையாக இருக்கும்.

ஏற்றுமதி எண் எப்போதும் உற்பத்தி எண்ணைவிடக் குறைவாகவே இருக்க வேண்டும். அதிகமாக இருந்தால் கணக்கெடுப்பில் எண் தவறாகப் பதிவாகியிருக்கிறது. அப்போதைக்கு அது லாபமாகத் தெரிந்தாலும், அடுத்த கணக்கெடுப்பில் திருத்தும்போது மொத்தமாகத் திரும்பி வரும்.

சீட்டில் பார்க்க வேண்டியவை இன்னும் இரண்டு உண்டு. மீட்டர் மாற்றிய பிறகு வரும் முதல் சீட்டில், பழைய மீட்டரின் கடைசி எண்ணும் புதிய மீட்டரின் தொடக்க எண்ணும் சரியாக எடுக்கப்பட்டிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். மீட்டர் மாற்றும் நாளிலேயே இரண்டையும் குறித்து, வந்தவரிடம் கையெழுத்து வாங்கிவைப்பது நல்லது. அடுத்தது, முந்தைய சீட்டில் மிஞ்சிய வரவு இந்தச் சீட்டில் வந்து சேர்ந்திருக்கிறதா என்பது. வரவு விட்டுப்போனால் அதைக் கண்டுபிடிக்க முந்தைய சீட்டு கையில் இருக்க வேண்டும். சீட்டுகளைக் கணக்கு ஆண்டு முடியும் வரை எறியக் கூடாது.

உற்பத்தி எண்ணே குறைந்திருந்தால் அது மீட்டர் பிழையல்ல. மின்தடை நேரத்தில் வெயில் அடித்தாலும் இவ்வகை இன்வெர்ட்டர் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்பவர்மேல் மின்சாரம் பாயக் கூடாது என்பதற்காக அப்படி அமைத்திருக்கிறார்கள். மின்மாற்றியிலிருந்து வெகு தூரம் தள்ளி, கம்பி முடியும் இடத்தில் உள்ள வீடுகளில் உச்சிவேளையில் மின்னழுத்தம் ஏறி இன்வெர்ட்டர் விட்டுவிட்டு நிற்பதும் உண்டு. நல்ல வெயில் நாளில் கிலோவாட்டுக்கு 4 யூனிட்டுக்கு வெகுவாகக் குறைந்தால், முதலில் தகட்டைக் கழுவிப் பார்க்க வேண்டும். அப்படியும் ஏறாவிட்டால், நடுப்பகலில் இன்வெர்ட்டர் எத்தனை முறை நிற்கிறது என்று ஒரு நாள் உட்கார்ந்து கவனித்துக் குறித்துக்கொண்டு, பொருத்தியவரைக் கூப்பிடலாம்.

தகடு போட நினைக்கும் விவசாயி, விலைப்பட்டியல் வாங்குவதற்கு முன் ஆறு சீட்டுகளையும் எடுத்து ஒவ்வொன்றிலும் 100-ஐக் கழித்துக் கூட்டிப் பார்க்கட்டும். அந்தக் கூட்டுத்தொகைக்கு மேல் உற்பத்தி செய்யும் ஒவ்வொரு யூனிட்டும், வாரியம் இலவசமாகக் கொடுக்க இருந்ததையே கழிக்கும்.